மூன்று சதவீத இன்கிரிமென்ட், எட்டு சதவீத வளர்ச்சி: ஒரு தபால் உதவியாளரின் ஐந்தாண்டுச் சம்பளக் கணக்கு

வருடத்துக்கு இத்தனை சதவீதம் உயர்வு என்று தெரிந்தால், ஐந்து வருடத்துக்குப் பிறகு சம்பளம் என்ன என்பதைக் கணக்கிட ஒரே வரி போதும். ஒன்றோடு உயர்வு விகிதத்தைக் கூட்டி, அதனால் இப்போதைய சம்பளத்தை ஐந்து முறை பெருக்கினால் விடை வந்துவிடும். பள்ளியில் படித்த கூட்டு வட்டிக் கணக்குதான். ஆனால் அந்த விடையை உண்மையில் வந்த சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஒப்பிட்டால் என்ன தெரிகிறது என்பதை ஒரு நிகழ்வை வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு மத்திய அரசு ஊழியரை எடுத்துக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. அவருடைய ஆண்டு உயர்வு 3 சதவீதம் என்பது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மற்ற படிகளின் விகிதங்களும் அரசாணையாக வெளிவருகின்றன. அதனால் ஐந்து வருடத்தை ரூபாய் சுத்தமாகத் திரும்பிப் பார்க்க முடியும். இங்கே வரும் ஊழியர் ஒரு மாதிரி ஆள். ஆனால் அவருடைய பதவியும் ஊதிய அட்டவணையும் விகிதங்களும் நிஜம்.

சென்னையில் ஒரு தபால் உதவியாளர். 2019 ஆகஸ்ட் 1 அன்று வேலையில் சேர்கிறார். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் அவருக்கு லெவல் 4, முதல் கட்டம், அடிப்படை ஊதியம் 25,500 ரூபாய். அலுவலகத்தில் எல்லோரும் சொல்வதுபோல நாமும் பேசிக் என்றே சொல்வோம். அரசுக் குடியிருப்பு வாங்கவில்லை, வாடகை வீடு. ஐந்து வருடத்தில், அதாவது 2024 ஜூலையில், அவருடைய சம்பளம் என்னவாக இருக்க வேண்டும்?

பேசிக் மட்டும்

சூத்திரப்படி:

```
=25500*1.03^5
```

விடை 29,561 ரூபாய் 49 காசு. அட்டவணையில் ஐந்து கட்டம் இறங்கிப் பார்த்தால் இருப்பது 29,600. கிட்டத்தட்ட சரி, ஆனால் அதுவே இல்லை. காரணம், அட்டவணையில் ஒவ்வொரு கட்டமும் அருகிலுள்ள நூறு ரூபாய்க்கு முழுமையாக்கப்பட்டது. 25,500-க்கு 3 சதவீதம் சேர்த்தால் 26,265, அட்டவணையில் 26,300. அடுத்த உயர்வு இந்த 26,300-இன் மேல்தான் கணக்காகிறது. ஆகவே விரிதாளில் போடுபவர்கள் கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்கினால் போதாது. ஒவ்வொரு வரியிலும் செய்ய வேண்டும்:

```
=ROUND(B2*1.03,-2)
```

B2-இல் 25500 என்று கொடுத்து, இதை B3-இல் போட்டுக் கீழே இழுத்தால் 26,300, 27,100, 27,900, 28,700, 29,600 என்று அட்டவணையே அப்படியே வந்துவிடும். முழுமையாக்கல் எப்போதும் ஊழியருக்குச் சாதகமாகவே அமையும் என்று நினைக்க வேண்டாம். லெவல் 1-இல் 18,000-க்கு 3 சதவீதம் சேர்த்தால் 18,540. அட்டவணையில் இருப்பது 18,500 தான். அங்கே முதல் இன்கிரிமென்ட் மூன்று சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

நம் உதவியாளரின் கட்டங்களை இன்னொரு முறை பாருங்கள். உயர்வுகள் 800, 800, 800, 800, கடைசியில் 900. "வருஷத்துக்கு எண்ணூறு ரூபாய் ஏறும்" என்று சீனியர்கள் சொல்வது நான்கு வருடத்துக்கு அப்படியே உண்மை. கூட்டு முறை என்ற பெயர் பெரிதாகத் தெரிந்தாலும், 3 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்குள் அது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. தொடக்க பேசிக்கின் மேல் மட்டும் வருடா வருடம் 3 சதவீதம் கூட்டியிருந்தால் 29,325 வந்திருக்கும். கூட்டு முறையால் கிடைத்தது சுமார் 236 ரூபாய் அதிகம், அவ்வளவுதான். முப்பது வருடப் பணிக்கால முடிவில் பார்த்தால் கதை வேறு: ஒரு முறையில் 1.9 மடங்கு, இன்னொன்றில் 2.4 மடங்கு. ஐந்து வருடக் கணக்கில் நாம் கவலைப்பட வேண்டியது கூட்டா தனியா என்பதைப் பற்றியல்ல, எத்தனை முறை பெருக்குகிறோம் என்பதைப் பற்றி.

ஏனென்றால் இங்கேதான் கணக்கு அதிகம் தவறுகிறது. "ஐந்தாம் வருடச் சம்பளம்" என்றால் நான்கு உயர்வுதான் ஆகியிருக்கும். முதல் வருடம் முழுக்க 25,500 தானே. "ஐந்து வருடம் முடிந்தபின்" என்றால் ஐந்து உயர்வு. முதலாவது 28,700, இரண்டாவது 29,600. இரண்டில் எதைக் கேட்கிறார்கள் என்று தெளிவாக்காமல் அடுக்கு 5 என்று போட்டுவிட்டால் 900 ரூபாய் பிசகும். வங்கிக் கடனுக்கோ வீட்டு பட்ஜெட்டுக்கோ எழுதும்போது வருட எண்ணைப் போடாமல் "2024 ஜூலை" என்று மாதத்தையே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

சேர்ந்த தேதி

மாதத்தை எழுத வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த அட்டவணையில் இன்கிரிமென்ட் வேலையில் சேர்ந்த நாளில் வராது. ஜனவரி 1 அல்லது ஜூலை 1, இந்த இரண்டு நாள்களில் ஒன்றில்தான் வரும். ஜனவரி 2 முதல் ஜூலை 1 வரை சேர்ந்தவருக்கு அடுத்த ஜனவரியில். ஜூலை 2 முதல் ஜனவரி 1 வரை சேர்ந்தவருக்கு அடுத்த ஜூலையில். நம் ஆள் ஆகஸ்டில் சேர்ந்ததால் முதல் உயர்வு 2020 ஜூலை 1, பதினோரு மாதத்தில்.

இப்போது அதே பதவியில் இரண்டு பேர், ஒருவர் 2019 ஜூலை 1 அன்று சேர்கிறார், இன்னொருவர் மறுநாள். முதலாமவருக்கு 2020 ஜனவரியிலேயே 26,300 ஆகிவிடும். மற்றவர் ஜூலை வரை காத்திருக்க வேண்டும். ஆறு மாதம், மாதம் 800 ரூபாய் பேசிக், அதன்மேல் அப்போதைய 17 சதவீத அகவிலைப்படி, சென்னையின் 24 சதவீத வீட்டு வாடகைப்படி என்று சேர்த்தால் மாதம் 1,128 ரூபாய். ஆறு மாதத்துக்கு 6,768. இது ஒரு வருடத்தோடு முடிவதும் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒருவர் ஆறு மாதம் முன்னால் போய்க்கொண்டே இருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், 2024 ஜூலையில் இருவரையும் நிறுத்திப் பார்த்தால் இருவருக்கும் பேசிக் 29,600 தான். இருவருமே ஐந்து உயர்வு வாங்கிவிட்டார்கள். கடைசி மாதத்தின் சம்பளத்தை மட்டும் கணக்கிடும் சூத்திரத்துக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. ஐந்து வருடத்தில் மொத்தம் கைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டால்தான் தெரியும். சம்பளக் கணிப்பு என்பது உண்மையில் இரண்டு கேள்வி: போய்ச் சேரும் இடம் எது, வழியில் வந்த மொத்தம் எவ்வளவு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கைக்கு வந்த சம்பளம்

பேசிக்கோடு மூன்று படிகள் சேர்கின்றன. அகவிலைப்படி, அதாவது டி.ஏ., பேசிக்கின் மேல் ஒரு சதவீதம். ஜனவரி, ஜூலை என வருடத்துக்கு இரண்டு முறை திருத்தப்படுவது. வீட்டு வாடகைப்படி சென்னைக்கு பேசிக்கில் 24 சதவீதம், டி.ஏ. 25-ஐத் தாண்டியதும் 27 ஆகவும், 50-ஐத் தொட்டதும் 30 ஆகவும் கூடும் என்பது விதி. போக்குவரத்துப்படி லெவல் 4-க்கு சென்னையில் 3,600 ரூபாய், அதன்மேல் டி.ஏ. சேரும்.

பிடித்தங்களை விட்டுவிட்டு மொத்தச் சம்பளத்தை மட்டும் வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது. டி.ஏ. ஆணை பொதுவாக இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வந்து நிலுவையாகக் கிடைக்கும். இங்கே அந்தந்த மாதத்துக்கு உரிய தொகையையே போட்டிருக்கிறேன்.

| மாதம் | பேசிக் | டி.ஏ. | வாடகைப்படி | மொத்தம் | முந்தைய வரியை விட |
|---|---|---|---|---|---|
| 2019 ஆகஸ்ட் | 25,500 | 17% | 24% | 40,167 | – |
| 2020 ஜூலை | 26,300 | 17% | 24% | 41,295 | 2.8% |
| 2021 ஜூலை | 27,100 | 31% | 27% | 47,534 | 15.1% |
| 2022 ஜூலை | 27,900 | 38% | 27% | 51,003 | 7.3% |
| 2023 ஜூலை | 28,700 | 46% | 27% | 54,907 | 7.7% |
| 2024 ஜூலை | 29,600 | 53% | 30% | 59,676 | 8.7% |

சேர்ந்த மாதத்தின் 40,167 ரூபாயை 3 சதவீதக் கூட்டு முறையில் ஐந்து வருடம் நீட்டியிருந்தால் 46,565 வந்திருக்கும். வந்ததோ 59,676. மாதத்துக்குப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். இதை ஒரே சராசரி விகிதமாக மாற்ற:

```
=(59676/40167)^(1/5)-1
```

8.24 சதவீதம். மூன்று சதவீத இன்கிரிமென்ட் உள்ள வேலையில் சம்பளம் வருடத்துக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ஆனால் மேலே உள்ள பட்டியலின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். எந்த ஒரு வருடத்திலும் 8.24 வரவில்லை. ஒரு வருடம் 2.8, அடுத்த வருடம் 15.1.

அந்த இரண்டு வருடங்களின் கதை கோவிட் கதை. 2020 ஏப்ரலில் மத்திய அரசு டி.ஏ. உயர்வை நிறுத்தி வைத்தது. 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகள், முறையே 4, 3, 4 சதவீதம், பதினெட்டு மாதம் வழங்கப்படவில்லை. இன்கிரிமென்ட் மட்டும் நிற்கவில்லை. 2021 ஜூலையில் மூன்றையும் சேர்த்து டி.ஏ. 17-லிருந்து 28 ஆனது. அதே ஜூலைக்கான புதிய தவணையால் பிறகு 31 ஆனது. ஆனால் இடைப்பட்ட பதினெட்டு மாதத்துக்கு நிலுவை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

நம் உதவியாளருக்கு இதில் போனது எவ்வளவு? முதல் ஆறு மாதம் 25,500-க்கு 4 சதவீதமும் போக்குவரத்துப்படியின் மேல் அதே 4 சதவீதமும் சேர்த்து மாதம் 1,164. அடுத்த ஆறு மாதம் 26,300-க்கு 7 சதவீதம் என்ற கணக்கில் மாதம் 2,093. கடைசி ஆறு மாதம் 11 சதவீதக் கணக்கில் மாதம் 3,289. மொத்தம் 39,276 ரூபாய். அதோடு 2021 ஜனவரியிலேயே டி.ஏ. 28 ஆகியிருந்தால் வாடகைப்படியும் அப்போதே 27 ஆகியிருக்கும். அந்த வகையில் இன்னும் 4,734. கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். 2024 ஜூலையின் சம்பளத்தில் இதற்குச் சுவடே இல்லை. முடக்கம் நடந்திருக்காவிட்டாலும் அந்த மாதத்தில் 59,676 தான் வந்திருக்கும். ஜூலை 1, ஜூலை 2 விஷயத்தைப் போலவே, போய்ச் சேர்ந்த இடம் மாறவில்லை, வழியில் வந்தது குறைந்தது.

டி.ஏ. உயர்வு எத்தனை சதவீதம்?

"டி.ஏ. நாலு பர்சென்ட் ஏறிடுச்சு" என்று செய்தி வந்தால், சம்பளம் நான்கு சதவீதம் கூடியதாக எடுத்துக்கொண்டு கணிப்பில் போட்டுவிடுபவர்கள் உண்டு. 2023 ஜூலையில் டி.ஏ. 42-லிருந்து 46 ஆனது. அந்த 4 என்பது பேசிக்கின் 4 சதவீதம். ஏற்கெனவே கைக்கு வந்துகொண்டிருப்பது பேசிக்கின் 142 சதவீதம். அது 146 ஆனால் உயர்வு 2.8 சதவீதம்தான். வாடகைப்படி டி.ஏ.வோடு நேரடியாக ஏறாது என்பதால் மொத்தச் சம்பளத்தில் பார்த்தால் அதைவிடக் குறைவு. டி.ஏ. பெரிதாக ஆக ஆக ஒவ்வொரு புள்ளியின் எடையும் குறைந்துகொண்டே வரும். ஆகவே டி.ஏ. புள்ளிகளைக் கூட்டு முறை விகிதமாகப் பெருக்கக் கூடாது, 1.46-ஐ 1.42-ஆல் வகுத்து வருவதைத்தான் பெருக்க வேண்டும்.

இப்படி வகுத்தால் ஐந்து வருடமும் இரண்டே காரணிகளாகப் பிரிந்துவிடுகிறது. பேசிக் 25,500-லிருந்து 29,600: 1.161 மடங்கு. டி.ஏ. 17-லிருந்து 53, அதாவது 1.53 வகுத்தல் 1.17: 1.308 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.518. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகை 29,835-லிருந்து 45,288 ஆனது சரியாக அத்தனை மடங்குதான்.

இந்த இரண்டாவது காரணி எங்கிருந்து வருகிறது? தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டின் பன்னிரண்டு மாதச் சராசரியிலிருந்து. விலைவாசி எத்தனை மடங்கு ஏறியதோ அத்தனை மடங்குதான் டி.ஏ. ஏற்றுகிறது, அதுவும் தசமத்தை வெட்டிவிட்டு, சில மாதம் தாமதமாக. ஆக 1.308 என்பது உயர்வே இல்லை, இருந்த இடத்திலேயே நிற்க வைத்தது. ஐந்து வருடத்துக்கு அது வருடம் 5.5 சதவீதம். உண்மையான உயர்வு என்று சொல்லத்தக்கது பேசிக்கின் 3 சதவீதம் மட்டும்.

மூன்றா, எட்டா?

நம் உதவியாளருக்கு ஒரு கல்லூரித் தோழன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே 2019 ஆகஸ்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 40,000-க்குச் சேர்கிறான். வருடா வருடம் 8 சதவீதம் நிச்சயம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி இருவர் டீக்கடையில் சந்தித்தால் பேச்சு எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். "மச்சான், உனக்கு மூணு, எனக்கு எட்டு. அஞ்சு வருஷத்துல நீ எங்க இருப்ப, நான் எங்க இருப்பேன் பாரு."

தோழனின் கணக்கு சூத்திரத்துக்கு அப்படியே பொருந்துகிறது: 43,200, 46,656, 50,388, 54,420, 58,773. ஐந்தாவது உயர்வுக்குப் பிறகு 58,773. உதவியாளருக்கு 59,676. ஐந்து வருட மொத்தத்தை எடுத்தால், தோழனுக்கு 28,15,968 ரூபாய். உதவியாளருக்கு ஒவ்வொரு அரையாண்டின் டி.ஏ.வையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் 28,64,385. டி.ஏ. முடக்கத்தையும் தாங்கிக்கொண்டு வந்த தொகை இது. மூன்றும் எட்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இதைப் பார்த்து அரசு வேலைதான் லாபம் என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. இரண்டு சதவீதங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல, விஷயம் அதுதான். தோழனின் 8 விலைவாசியையும் உள்ளடக்கியது. அந்த ஐந்து வருடத்தின் 5.5 சதவீத விலை உயர்வை வகுத்து எடுத்துவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது வருடம் 2.4 சதவீதம். உதவியாளரின் 3 விலைவாசிக்கு மேல் வருவது. இருவரின் எண்ணையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பதற்கு முன்னால், ஒன்றிலிருந்து விலைவாசியைக் கழிக்க வேண்டும், அல்லது மற்றதில் சேர்க்க வேண்டும்.

உதவியாளருக்கும் மொத்தச் சம்பளத்தில் முழு 3 மிஞ்சவில்லை. அதே முறையில் வகுத்தால் 2.6 தான். குறைத்தது படிகள். போக்குவரத்துப்படியின் 3,600-க்கு இன்கிரிமென்ட் கிடையாது, அதன்மேல் டி.ஏ. மட்டும் ஏறுவதால் அது விலைவாசியோடு ஓடி நிற்கிறது, முன்னேறுவதில்லை. வாடகைப்படி வேறு விதம். அது பேசிக்கின் பங்கு, டி.ஏ.வின் மேல் கிடையாது. 24 சதவீதத்திலேயே நின்றிருந்தால் 6,120-லிருந்து 7,104 ஆகியிருக்கும். விலைவாசி முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறிய காலத்தில் இது பதினாறு சதவீதம். 27, 30 என்று இரண்டு படி ஏறியதால்தான் 8,880 ஆகி அந்தப் பள்ளம் நிரம்பியது. சென்னையில் வீட்டுக்காரர் வாடகையை எவ்வளவு ஏற்றினார் என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராது.

விலைவாசி தணிந்தால் இருவரின் நிலையும் தலைகீழாகும். தோழனுக்கு அதே 8 வரும், அதில் மிஞ்சுவது கூடும். உதவியாளரின் டி.ஏ. மெதுவாகும், கைக்கு வரும் மொத்தம் குறைந்த வேகத்தில் வளரும், ஆனால் அவருக்கு மிஞ்சும் 3 பெரிதாக மாறாது. விலைவாசி ஏறினால் தோழனின் பாடுதான் திண்டாட்டம்.

அடுத்த ஐந்து வருடத்துக்கு நீட்டினால்

சரி, 8.24 என்று கண்டுபிடித்தாயிற்று. அதையே முன்னால் நீட்டலாமே என்று தோன்றும். ஒரு வருடத்துக்கு மட்டும் நீட்டிப் பார்ப்போம். 59,676-ஐ 1.0824-ஆல் பெருக்கினால் 2025 ஜூலைக்கு 64,593 என்று வருகிறது. நடந்தது: பேசிக் 30,500, டி.ஏ. 58, வாடகைப்படி 30-லேயே நின்றது. மொத்தம் 63,028. வளர்ச்சி 5.6 சதவீதம். முதல் வருடத்திலேயே கணிப்பு மாதம் 1,565 ரூபாய் தூக்கலாகப் போய்விட்டது.

ஏன் என்பது மேலே பிரித்து வைத்த காரணிகளில் இருக்கிறது. பேசிக் வழக்கம்போல மூன்று சதவீதம் ஏறியது. டி.ஏ.வின் 53-லிருந்து 58 என்பது 3.3 சதவீதம்தான், முந்தைய ஐந்து வருடச் சராசரியான 5.5 அல்ல. வாடகைப்படிக்கு இனி ஏற்கெனவே எழுதி வைத்த அடுத்த படி எதுவும் இல்லை. கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு முறை கிடைத்த அந்தத் தாவல் 8.24-க்குள் ஒளிந்திருந்தது; அது திரும்ப வராது.

ஆகவே முன்னோக்கிப் போடும்போது ஒரே விகிதத்தை வைத்துக்கொள்ளாமல் நான்கு பத்தியாகப் போடுவது நல்லது. பேசிக் ஒரு பத்தி, அது அட்டவணையிலிருந்து. அதில் ஊகமே வேண்டாம். டி.ஏ. இன்னொன்று. அதில் விலைவாசி வருடம் 3 சதவீதம் என்று ஒரு தடவையும் 6 சதவீதம் என்று ஒரு தடவையும் வைத்து, 1.58-ஐ அந்த விகிதத்தால் பெருக்கிக்கொண்டே போகலாம். ஐந்து வருட முடிவில் முதலாவதில் டி.ஏ. சுமார் 83, இரண்டாவதில் சுமார் 111. வாடகைப்படி 30 சதவீதமாகவே நிற்கும், போக்குவரத்துப்படி டி.ஏ.வைப் பின்தொடரும். இப்படிச் செய்தால் கணிப்பு ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு எல்லையாகக் கிடைக்கும். அந்த எல்லையின் அகலம் முழுக்க விலைவாசியால் வருவது, இன்கிரிமென்டால் அல்ல.

இதற்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு. எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்படும் என்று மத்திய அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதன் பரிந்துரை நடைமுறைக்கு வரும் நாளில் அட்டவணையே மாறும். டி.ஏ. பேசிக்கில் கரைந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், படிகளின் விகிதங்களும் புதிதாக எழுதப்படும். அப்போது வரும் பெருக்கு எண்ணைப் பார்த்து மலைத்துப் போகாமல் இருக்க, சென்ற முறை நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது குழுவில் பழைய பேசிக்கை 2.57-ஆல் பெருக்கினார்கள். கேட்பதற்கு இரண்டரை மடங்கு. ஆனால் அந்த நேரத்தில் டி.ஏ. 125 சதவீதம் வந்துகொண்டிருந்தது, அதாவது 2.25 மடங்கு ஏற்கெனவே கையில். 2.57-ஐ 2.25-ஆல் வகுத்தால் 1.14. புதிதாகக் கிடைத்தது சுமார் 14 சதவீதம். அடுத்த முறை எந்த எண் வந்தாலும், அந்த நாளின் டி.ஏ.வோடு ஒன்றைக் கூட்டி அதனால் வகுத்துவிட்டு, வரும் விகிதத்தைத்தான் விரிதாளில் அந்த மாதத்து வரிசையில் போட வேண்டும்.